பழைய லேப்டாப்பில் 4கே எடிட்டிங்: காசிமேட்டு வீடியோவை புராக்ஸி வைத்து முடித்த விதம்

வேலை இதுதான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம். கேமராவில் எடுத்தது 94 கிளிப்புகள், மொத்தம் 82 நிமிடம். 4கே, நொடிக்கு 25 ஃபிரேம், ஹெச்.265, பத்து பிட். அதோடு போனில் எடுத்த எட்டு கிளிப்புகள். எடிட் செய்ய இருந்தது 2015 வாக்கில் வந்த ஐ5-5200யு பிராசசர் லேப்டாப்: இரண்டு கோர், 8 ஜிபி ரேம், உள்ளே 240 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஃபுட்டேஜ் முழுவதும் யுஎஸ்பி 3 வெளி ஹார்டு டிஸ்கில் இருந்தது.

டைம்லைனில் ஒரு கிளிப்பைப் போட்டு பிளே பண்ணினால் ஒரு நொடி ஓடும், இரண்டு நொடி நிற்கும். சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், படம் உறைந்திருக்கும். இந்த இடத்தில்தான் பலர் ரிச்சி தெருவுக்குப் போய் புது எஸ்எஸ்டி வாங்கி வருகிறார்கள். வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இந்தக் கேமரா பதிவு செய்வது நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி. யுஎஸ்பி 3-ல் ஓடும் சாதாரண ஹார்டு டிஸ்க் இதைப் போலப் பல மடங்கு சுலபமாகப் படித்துக் கொடுக்கும். கிளிப் ஓடும்போதே சிஸ்டம் மானிட்டரைத் திறந்தால் நிலைமை தெரியும்: சிபியு நான்கு திரெட்டும் 100 சதவீதத்தில் முட்டி நிற்கும், டிஸ்க் சும்மா இருக்கும். திணறுவது டிஸ்க் இல்லை. சுருட்டி வைத்த படத்தைப் பிரிக்கிற வேலையில்தான் திணறல்.

அந்தச் சுருட்டல் எப்படி என்று பார்த்துவிட்டால் மருந்தும் தானாகப் புரியும். கேமரா எல்லா ஃபிரேமையும் முழுப்படமாக எழுதுவதில்லை. ஒரு முழுப்படம் எழுதிவிட்டு, அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம்களுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. நேராக ஓட்டிப் பார்க்க இது போதும். எடிட்டிங்கில் நாம் நேராக ஓட்டுவதே இல்லையே. ஒரு ஃபிரேம் பின்னால் போனால்கூட, முந்தைய முழுப்படத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். அதுவும் ஒவ்வொரு ஃபிரேமிலும் 83 லட்சம் பிக்சல். புது லேப்டாப்புகளில் இதற்கென்றே சிப்புக்குள் தனிச் சர்க்கியூட் இருக்கிறது. இந்தத் தலைமுறை இன்டெல் சிப்பில் பத்து பிட் ஹெச்.265-க்கு அது கிடையாது, எல்லாப் பாரமும் அந்த இரண்டு கோர் தலையில்தான்.

முதலில் கிளிப் எப்படிப்பட்டது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கு வேண்டியது இரண்டு மென்பொருள்: எடிட் செய்ய கேடென்லைவ், கிளிப்பை விசாரிக்கவும் மாற்றவும் ffmpeg. உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் இரண்டையும் இப்படிப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸுக்கும் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

```
sudo apt install kdenlive ffmpeg
```

பிறகு ஒரு கிளிப்பை விசாரிக்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries \
stream=codec_name,pix_fmt,width,height,r_frame_rate,avg_frame_rate \
-of default=nw=1 C0034.MP4
```

வந்த பதில்:

```
codec_name=hevc
width=3840
height=2160
pix_fmt=yuv422p10le
r_frame_rate=25/1
avg_frame_rate=25/1
```

இதில் `yuv422p10le` என்ற வரிதான் நோயின் பெயர். `422` என்றால் நிறத் தகவல் வழக்கத்தைவிட அதிகம், `10` என்றால் பத்து பிட். கலர் கரெக்‌ஷனுக்கு அருமையான பொருள், பழைய சிபியுவுக்கு எமன். கடைசி இரண்டு வரிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன என்பதையும் கவனியுங்கள். போன் கிளிப்புக்கு வரும்போது இதுவே முக்கியமாகிவிடும்.

புராக்ஸி என்பது ஒவ்வொரு ஒரிஜினலுக்கும் பதிலாக நிற்கும் சின்ன நகல். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில். கடைசியில் ரெண்டர் செய்யும்போது மென்பொருளே ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். நகல் சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாக இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னும் பின்னும் இழுத்தாலும் உடனே வந்து நிற்கும். 960×540 அளவு இந்த வேலைக்குச் சரியாக இருந்தது. 640 அகலத்தில் ஏலக்காரர் முகத்தில் ஓடும் பாவனை தெரியவில்லை, எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க முடியவில்லை. 1280 வைத்தால் இரண்டு கிளிப் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில் மறுபடி திக்கியது.

94 கிளிப்பையும் ஒரே மூச்சில் மாற்ற விடாமல், ஒரு கிளிப்பில் ஒரு நிமிடம் மட்டும் சோதித்துப் பாருங்கள்:

```
ffmpeg -i C0034.MP4 -t 60 -vf scale=960:540 \
-c:v libx264 -preset ultrafast -crf 23 -g 1 \
-pix_fmt yuv420p -c:a pcm_s16le sodhanai.mov
```

`-g 1` என்பதுதான் எல்லா ஃபிரேமையும் முழுப்படமாக்குகிறது. இந்தக் கட்டளையில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. ஓடும்போது கடைசியில் வரும் `speed=` எண்ணைப் பாருங்கள். இங்கே 0.42x வந்தது. அதாவது 82 நிமிடத்தை 0.42-ஆல் வகுத்தால் 195 நிமிடம், மூன்றேகால் மணி நேரம். சோதனை ஃபைல் சுமார் 90 எம்பி. மொத்தத்துக்கும் ஏழரை ஜிபி ஆகும், எஸ்எஸ்டியில் தாராளமாக இடம் இருக்கிறது. ஒரிஜினல் 61 ஜிபிக்கு மேல்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் எப்போது ஓட விடுவது என்று முடிவு செய்யலாம். மே மாதப் பகலில் ராயபுரத்து மாடி ரூமில் மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அந்த 0.42 எண் 0.3-க்கு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ராத்திரி வைப்பது நல்லது. லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல், அடியில் காற்று போகும்படி பின்பக்கம் இரண்டு புத்தகம் கொடுத்துத் தூக்கி வையுங்கள். பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்துப்போயிருக்கும், ஆகவே கரண்ட் போனால் நடுவில் அறுந்துவிடும். அப்போது ஓடிக்கொண்டிருந்த கிளிப்பின் நகல் மட்டும் பாதியில் நிற்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

இனி கேடென்லைவ். கிளிப்புகளை உள்ளே இழுக்கும் முன்பே புராஜெக்ட் செட்டிங்கை முடித்துவிடுங்கள். Project மெனுவில் Project Settings. ஃபிரேம் அளவு 1920×1080, வேகம் 25. ஃபுட்டேஜ் 4கே ஆச்சே, ஏன் 1080 என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் படம் பார்க்கப்படப் போவது போனிலும் ஒரு சின்ன அரங்கத்துப் புரொஜெக்டரிலும். 1080 புராஜெக்டில் 4கே கிளிப்பைப் போட்டால் தரம் உடையாமல் இரண்டு மடங்கு வரை நெருங்கிக் காட்டலாம். பேட்டியில் ஒரே ஷாட்டை மீடியமாகவும் குளோஸாகவும் பயன்படுத்த முடிந்தது இதனால்தான். 4கே புராஜெக்ட் வைத்தால் ஒவ்வொரு டைட்டிலும் ஒவ்வொரு கலர் எஃபெக்டும் நான்கு மடங்கு பிக்சலில் கணக்குப் போடும், 8 ஜிபி ரேம் ரெண்டர் நடுவிலேயே கையை விரித்துவிடும்.

25 என்ற எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏலக்கூடத்து டியூப்லைட்டுக்கு அடியில் 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒன்று என்று எடுத்தால் விளக்கு படபடக்காது. கேமராவில் 25-ல் எடுத்துவிட்டு புராஜெக்டை 30-ல் வைத்தால் ஃபிரேம்கள் இரட்டித்து, படகு நகரும் ஷாட்டெல்லாம் குலுங்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல் கிளிப்பை உள்ளே போட்ட உடனே, "கிளிப்பின் அளவு வேறு, புராஜெக்டை அதற்கேற்ப மாற்றவா" என்ற பொருளில் மென்பொருள் கேட்கும். கை பழக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டால் புராஜெக்ட் 4கேவுக்கு மாறிவிடும். மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அழுத்தியிருந்தால் Project Settings-க்குப் போய்த் திருப்பிவிடலாம். டைட்டில் வைப்பதற்கு முன்பே திருப்பிவிடுங்கள், பிறகு செய்தால் எழுத்துகள் இடம் மாறிப்போகும்.

அதே ஜன்னலில் Proxy பக்கம். புராக்ஸியை ஆன் செய்து, 1000 பிக்சலுக்கு மேல் அகலமுள்ள வீடியோவுக்கெல்லாம் தானாக உருவாக்கும்படி விடலாம். நகலின் அகலத்தை 960 ஆக்குங்கள். என்கோடிங் புரொஃபைலில் எக்ஸ்264 வகையில் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, மேலே சோதித்த அதே எழுத்துகளை, `-preset ultrafast -crf 23 -g 1` உட்பட, கொடுக்கலாம். இன்டெல் கிராஃபிக்ஸ் வழியாக வேகமாக மாற்றும் புரொஃபைலும் பட்டியலில் இருக்கும். நகலை எழுதும் வேலையை அது லேசாக்கும். ஆனால் இங்கே நேரம் தின்பது ஒரிஜினலைப் பிரிக்கும் வேலை, ஆகவே பெரிய லாபம் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை கிளிப் மாற்றலாம் என்ற எண்ணை ஒன்றாகவே வையுங்கள். இரண்டு கோரில் இரண்டு கிளிப் ஓட்டினால் மொத்த நேரம் குறையாது, ரேம்தான் நிரம்பும்.

நகல்கள் எங்கே போய் உட்காருகின்றன என்பதையும் பாருங்கள். ஒன்றும் மாற்றாமல் விட்டால் அவை கேஷ் ஃபோல்டருக்குப் போகும். இடம் காலி செய்கிறேன் என்று யாராவது ஒரு கிளீனரை ஓட்டினால் மூன்றேகால் மணி நேர வேலை போய்விடும். புராஜெக்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே நகல்களும் இருக்கும்படி மாற்றி, அந்த ஃபோல்டரை உள் எஸ்எஸ்டியில் வையுங்கள். ஒரிஜினல்கள் வெளி டிஸ்கிலேயே இருக்கட்டும். விண்டோஸில் செய்பவர்கள் வெளி டிஸ்குக்கு ஒரு நிலையான டிரைவ் எழுத்து கொடுத்துவிடுங்கள். நேற்று E: என்று இருந்தது இன்று F: ஆனால் 94 கிளிப்பும் காணவில்லை என்று நிற்கும்.

போன் கிளிப்புகளுக்கு வருவோம். அவற்றை ffprobe-ல் போட்டால் `r_frame_rate` 30 என்றும், `avg_frame_rate` 29-க்கும் 30-க்கும் நடுவே ஏதோ ஒரு பின்னம் என்றும் வந்தது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே எடுத்திருக்கிறது என்று பொருள். இதை அப்படியே புராக்ஸி ஆக்கினால் ஒரிஜினலில் 400-வது ஃபிரேமும் நகலில் 400-வது ஃபிரேமும் ஒரே கணமாக இருக்காது. எடிட்டில் சரியாக வந்த வெட்டு, ரெண்டரில் அரை நொடி தள்ளி வரும். ஏலம் கூவும் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அதனால் இவற்றை முதலில் நிலையான 25-க்கு மாற்றி, மாற்றிய ஃபைலையே ஒரிஜினலாக வைத்துக்கொள்ள வேண்டும்:

```
ffmpeg -i VID_0612.mp4 -vf fps=25 -c:v libx264 \
-preset fast -crf 16 -pix_fmt yuv420p \
-c:a pcm_s16le VID_0612_25.mov
```

இது தரத்தைக் காப்பாற்றும் மாற்றம், ஆகவே `crf` எண் குறைவு, ஃபைல் பெரிது. 30-லிருந்து 25-க்கு இறக்கும்போது நொடிக்கு ஐந்து ஃபிரேம் விழுந்துவிடுகிறது. நிற்கும் ஷாட்டில் தெரியாது, கையை வீசி பேன் செய்த ஷாட்டில் துள்ளல் தெரியும். எட்டில் இரண்டு போன் கிளிப்புகளை இதனாலேயே ஒதுக்க வேண்டியதாயிற்று. இதற்கு எடிட்டில் நல்ல மருந்து இல்லை. எடுக்கும்போதே போனில் 25 இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

நகல்கள் தயாரானால், கிளிப்புகள் அடுக்கியிருக்கும் Project Bin பகுதியில் ஒவ்வொரு கிளிப் படத்தின் மேலும் P என்ற எழுத்து தெரியும். அறுந்துபோன நகல் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். P இருக்கும், ஓட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் படம் உறைந்தோ கறுத்தோ நிற்கும். கரண்ட் போயிருந்தால் நகல் ஃபோல்டரை நேரப்படி வரிசைப்படுத்தி, அந்த நேரத்தில் எழுதப்பட்ட ஃபைலை மட்டும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். கெட்டிருந்தால் அந்தக் கிளிப்பின் பண்புகளில் Delete proxy கொடுத்து மறுபடி உருவாக்க வேண்டும். புராக்ஸியை ஆஃப் செய்து ஆன் செய்தால் மட்டும் போதாது, பழைய கெட்ட ஃபைலையே அது மறுபடி எடுத்துக்கொள்ளும்.

புராக்ஸி போட்டும் திக்குகிறதே என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு அமைப்பை விட்டிருப்பார்கள். நகல் குறைப்பது படத்தைப் பிரிக்கும் பாரத்தை மட்டும்தான். பிரித்த படத்தின்மேல் கலர், டைட்டில், டிசால்வ் எல்லாம் சேர்த்துக் கோர்ப்பது தனிப் பாரம், அது புராஜெக்ட் அளவான 1080-ல் நடக்கிறது. மானிட்டருக்கு அடியில் பிரிவியூ அளவு என்று ஒன்று இருக்கிறது. அதை 540p-க்கு இறக்குங்கள். நகலும் 540, பிரிவியூவும் 540 என்றாகும்போது இந்த லேப்டாப்பில் மூன்று அடுக்கு வீடியோ நிற்காமல் ஓடியது. நாய்ஸ் குறைப்பு, ஸ்டெபிலைசேஷன் போன்ற கனமான எஃபெக்டுகளை எடிட் முடிந்த பிறகே போடுங்கள்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையில் அதிகம் சுடும் இடம். 540 நகல் ஃபோகஸ் பிழையை மறைத்துவிடும். ஒரு ஷாட் இப்படி: முன்னால் ஒரு அக்கா வஞ்சிரம் கூடையைத் தள்ளிக்கொண்டே விலை சொல்கிறார், பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கி இருக்கின்றன. நகலில் பார்த்தால் முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரிஜினலைத் திறந்து உண்மை அளவில் பார்த்தால் இமை மயிர் எல்லாம் பஞ்சாகி, பின்னால் ஐஸ் பெட்டியில் பெயின்ட் அடித்த எண் கூர்மையாக நிற்கிறது. விடியலுக்கு முன் எடுத்த ஷாட்டுகளில் நாய்ஸும் இப்படித்தான், சின்ன நகலில் எல்லாம் வழுவழுவென்று தெரியும்.

ஆகவே வெட்டு முடிவானதும், டைம்லைனில் இருக்கும் ஒவ்வொரு கிளிப்பையும் ஒருமுறை ஒரிஜினலில் பார்த்தே ஆக வேண்டும். Project Bin பகுதியில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக், Proxy Clip டிக்கை எடுங்கள், பிரிவியூவை 1:1 ஆக்குங்கள், கிளிப்பின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொரு ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாம், அது ஓடாது. நின்ற ஃபிரேம் வர ஒன்றிரண்டு நொடி ஆகும், அவ்வளவே. பார்த்ததும் டிக்கை மறுபடி வைத்தால் பழைய நகல் உடனே திரும்பும். 12 நிமிடப் படத்தில் 61 கிளிப்புகளைப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆனது. எட்டில் ஃபோகஸ் லேசாகத் தவறியிருந்தது. நெருங்காமல் முழு ஷாட்டாக வைத்த ஐந்து, 4கே 1080-ஆகச் சுருங்கும்போது தப்பித்துக்கொண்டன. குளோஸாக இழுத்த மூன்றையும் மாற்றினோம், மேலே சொன்ன அக்காவின் ஷாட் அதில் ஒன்று.

கலரையும் நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள். நகல் எட்டு பிட், அதுவும் அவசரத்தில் சுருட்டியது. சூரியன் கடலில் இருந்து எழும் ஷாட்டில் வானம் படிப்படியாக வெடித்து வரிவரியாகத் தெரிந்தது. ஒரிஜினலில் அந்த வரி இல்லவே இல்லை. இல்லாத குறையைச் சரிசெய்ய எஃபெக்ட் போட்டு நேரம் செலவழிப்பது இப்படித்தான் நடக்கிறது.

ரெண்டருக்குப் போகும்போது, புராக்ஸி கிளிப்பை வைத்தே ரெண்டர் செய்யும் தேர்வு டிக் ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது அவசரமாக மாதிரி அனுப்ப அதை டிக் செய்திருப்போம், எடுக்க மறந்திருப்போம். ஒரிஜினலில் இருந்து ரெண்டர் ஆனால் இந்த லேப்டாப்பில் நொடிக்கு நான்கு ஃபிரேம் கிடைத்தது. 12 நிமிடம் என்பது 18,000 ஃபிரேம், ஆக ஒன்றேகால் மணி நேரம். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். சந்தேகம் இருந்தால் வலை குவித்து வைத்திருக்கும் ஷாட்டைத் திறந்து பாருங்கள். கண்ணி கண்ணியாகப் பிரிந்து தெரிந்தால் ஒரிஜினல், பச்சைக் கம்பளி மாதிரி குழைந்து தெரிந்தால் நகல்.

ரெண்டரின்போது பிரவுசரை மூடிவிடுங்கள். ஒரிஜினல் 4கே ஃபிரேம்கள் ரேமில் வந்து போகும் நேரம் இது, 8 ஜிபியில் நாலைந்து டேப் திறந்திருந்தாலே ஸ்வாப்புக்குப் போய் எல்லாம் ஆமை வேகமாகும். நடுவில் நின்றுபோகிறது என்றால் டைம்லைனில் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம் என்றால் அந்தக் கிளிப்பிலோ அங்கே போட்ட எஃபெக்டிலோ கோளாறு. ஒவ்வொரு முறையும் வேறு இடம் என்றால் ரேமும் சூடும்தான் காரணம். அப்போது படத்தை நான்கு நிமிடத் துண்டுகளாக, ஒரே அளவும் ஒரே கோடெக்கும் வைத்து மூன்று முறை ரெண்டர் செய்துகொள்ளலாம். மூன்று பெயர்களையும் வரிசையாக `pattiyal.txt`-ல் `file 'paguthi1.mp4'` என்ற மாதிரி எழுதி, மறுபடி என்கோட் செய்யாமலே ஒட்டிவிடலாம்:

```
ffmpeg -f concat -safe 0 -i pattiyal.txt -c copy muzhu.mp4
```

துண்டு போடும் இடம் வெட்டு விழும் இடமாகவும், அந்தக் கணத்தில் சத்தம் அமைதியாகவும் இருக்கட்டும். ஏலக்குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரித்தால் ஒட்டின இடத்தில் ஒரு சின்ன சொடக்கு கேட்கும். இந்தப் படத்தில் ஐஸ் உடைக்கும் காட்சி முடிந்து வெறும் அலை தெரியும் ஷாட்டிலும், படகு கரையை விட்டு விலகும் ஷாட்டுக்கு முன்பும் பிரித்தோம்.